கோபுரத்தின் உச்சி ஃபோட்டோவில் வெட்டுப்பட்டால் ஏஐ வரைந்து தரும்... ஆனால் அது நம்ம கோபுரமா? ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்து ஒரு விளக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் எடுக்காமல் வராத ஃபோட்டோ ஒன்று உண்டு. 11 நிலை ராஜகோபுரம். சுமார் 192 அடி உயரம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். இல்லை, அது மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்ற வாதமும் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கேலரியைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். உச்சியில் உள்ள கலசங்கள் ஃபிரேமுக்கு வெளியே போயிருக்கும். இடது ஓரத்தில் பாதி ஆட்டோ நுழைந்திருக்கும். முன்பெல்லாம் இந்தப் படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இப்போது ஃபோட்டோ எடிட்டிங் ஆப்பில் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும், படம் நீளும். இல்லாத கலசம் வரும், பாதி ஆட்டோ காணாமல் போகும்.

இது எப்படி நடக்கிறது? எதுவரை நம்பலாம்? செய்தியில் இதைச் செய்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், 'கேன்வாஸை நீட்டுவது' என்றால் என்ன?

ஒரு ஃபோட்டோவை மேஜையில் வைத்து, அதைவிடப் பெரிய வெள்ளைத் தாளின் மேல் ஒட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோ அப்படியேதான் இருக்கும். சுற்றிலும் காலி இடம் கிடைக்கும். கேன்வாஸை நீட்டுவது இவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பில் `Image > Canvas Size` என்ற மெனு பல காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறது.

காலி இடத்தை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் மாறியிருக்கிறது. 2010-ல் ஃபோட்டோஷாப்பில் வந்த `Content-Aware Fill` அதே ஃபோட்டோவின் வேறு இடங்களில் இருந்து துண்டுகளை எடுத்து ஒட்டும். வானம், மணல், புல் என்றால் நன்றாக வரும். ஆனால் படத்தில் எங்கேயும் இல்லாத ஒன்றை அதனால் கொண்டுவர முடியாது. கலசமே இல்லாத படத்தில் கலசம் வராது.

2022 ஆகஸ்ட் கடைசியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் டால்-ஈ கருவியில் படத்தை ஓரத்துக்கு வெளியே வரைந்து நீட்டும் வசதியைக் கொண்டுவந்தது. 2023 ஜூலையில் ஃபோட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில் `Generative Expand` வந்தது. 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24 ஃபோனில், படத்தைச் சாய்த்தால் உண்டாகும் காலி மூலைகளை ஏஐ நிரப்பித் தந்தது. ஸ்டூடியோவில் இருந்த வேலை இரண்டே வருஷத்தில் சட்டைப் பைக்கு வந்துவிட்டது.

மெஷின் எதைப் பார்த்து வரைகிறது?

வாசலில் பாதி அழிந்த புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். கோலம் போடத் தெரிந்தவர் மீதியைப் போட்டுவிடுவார். புள்ளிக் கணக்கு தெரியும், ஒரு பக்கம் எப்படியோ மறுபக்கமும் அப்படித்தான். அந்தக் கோலத்துக்கு விதி இருப்பதால் மீதியைக் கண்டுபிடிக்க முடிகிறது.

அதே வாசலில் ஒருவர் கையில் எதையோ பிடித்திருக்கும் ஃபோட்டோவில் கை மட்டும் வெட்டுப்பட்டிருந்தால்? அவர் கையில் இருந்தது குடையா, பையா, ஃபோனா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு விதி கிடையாது. அந்த நேரத்தில் அங்கே என்ன இருந்ததோ அதுதான்.

ஏஐ கருவிக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அது கோடிக்கணக்கான படங்களில் இருந்து 'இந்த மாதிரிப் படத்தின் ஓரத்தில் பொதுவாக என்ன இருக்கும்' என்று பழகியிருக்கிறது. காலி இடத்தை முதலில் வெறும் புள்ளி இரைச்சலாக நிரப்பும். பிறகு பக்கத்தில் இருக்கும் நிஜப் படத்தோடு ஒத்துப்போகிற மாதிரி அந்த இரைச்சலைப் படிப்படியாகத் தெளிவாக்கும். கடைசியில் கிடைப்பது பொருத்தமான ஒரு படம். அந்த இடத்தில் நிஜமாக என்ன இருந்தது என்ற தகவல் எந்தக் கட்டத்திலும் உள்ளே வரவே இல்லை.

கோபுரத்தை வைத்து ஒரு கணக்கு

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 192 அடி என்பது சுமார் 58.5 மீட்டர். நீங்கள் கோபுரத்தில் இருந்து 40 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்து, லேசாக, சுமார் 15 டிகிரி மேலே சாய்த்து எடுக்கிறீர்கள். படம் 3000-க்கு 4000 பிக்சல்.

சாதாரண ஃபோன் கேமராவின் மெயின் லென்ஸ் செங்குத்தாக சுமார் 67 டிகிரி பார்க்கும். அப்படியானால் உங்கள் ஃபிரேமின் மேல் ஓரம் தரையில் இருந்து சுமார் 47 மீட்டர் உயரத்தில் கோபுரத்தை வெட்டும். மேலே உள்ள 11.5 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 38 அடி, படத்தில் இல்லை. மேல் நிலைகளும் உச்சியும் கலசங்களும் அதில்தான் இருக்கின்றன.

அந்த 38 அடி முழுசாக வர, படத்தின் மேலே சுமார் 520 பிக்சல் கூடுதலாக வேண்டும். கலசத்துக்கு மேல் கொஞ்சம் வானமும் வேண்டும் என்பதால் 700 பிக்சல் நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புதிய படம் 3000-க்கு 4700. இதில் மேலே உள்ள 15 சதவீதம் மெஷின் வரைந்தது.

இங்கேதான் சிக்கல். அந்தக் கோபுரம் 520 பிக்சலில் முடிய வேண்டும் என்று மெஷினுக்குத் தெரியாது. 350 பிக்சலிலேயே உச்சியை வரைந்து முடித்துவிட்டால், கோபுரம் சுமார் 13 அடி குட்டையாகிவிடும். படத்தில் பார்க்க எந்தக் குறையும் தெரியாது. கோடுகள் ஒழுங்காகச் சேரும், வானம் நீலமாக இருக்கும். ஆனால் அது 192 அடி கோபுரம் இல்லை.

அடுத்தது கலசம். இந்தக் கோபுரத்துக்கு 11 கலசங்கள். மெஷின் பார்த்துப் பழகிய கோபுரப் படங்களில் ஐந்தும் இருக்கும், ஏழும் இருக்கும், ஒன்பதும் இருக்கும். எண்ணிக்கையைக் காப்பாற்றுவது இந்தக் கருவிகளுக்குப் பொதுவாகவே வராத வேலை. நான்கு முறை கேட்டால் நான்கு விதமான எண்ணிக்கை வரலாம்.

மூன்றாவது, சிலைகள். மதுரைக் கோபுரங்களைப் போல வண்ண வண்ணச் சுதைச் சிற்பங்கள் நெருக்கியடித்து நிற்கும் கோபுரம் இல்லை ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். அதன் அழகே அந்த அமைதியில் இருக்கிறது. ஆனால் 'தென்னிந்தியக் கோபுரம்' என்றால் இணையத்தில் அதிகம் கிடைப்பது வண்ணச் சிலைகள் நிறைந்த கோபுரங்கள்தான். அதனால் மேல் நிலைகளில் இல்லாத சிலைகள் வந்து உட்கார வாய்ப்பு அதிகம். உள்ளூர்க்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வெளியூர்க்காரர் அதையே நிஜம் என்று நம்பி ஷேர் செய்வார்.

அப்போ முழுக் கோபுரம் வேண்டும் என்றால் என்ன செய்வது?

நிஜப் பிக்சலைத் தேடுங்கள். மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, உங்கள் கையில் இருப்பது ஒரிஜினல் படம்தானா என்று பாருங்கள். ஃபோன் கேமரா பெரும்பாலும் 4:3 அளவில் எடுக்கும். ஸ்டேட்டஸுக்காக வெட்டியதாலோ, 16:9 ஆக மாற்றியதாலோ கலசம் போயிருக்கலாம். பல ஃபோன்களின் கேலரியில், வெட்டிய படத்தைத் திரும்ப எடிட்டில் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால், அனுப்பியவரிடம் ஒரிஜினலைக் கேளுங்கள்.

இரண்டு, அதே இடத்தில் நின்று எடுத்த இன்னொரு ஃபிரேம். 40 மீட்டர் தூரத்தில் அசையாமல் நின்று, ஃபோனை 35 டிகிரி அளவுக்குச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தால் உச்சி முழுசாக விழுந்துவிடும். இரண்டு படங்களிலும் கோபுரத்தின் நடுப்பகுதி பொதுவாக இருப்பதால், பனோரமா மென்பொருள் இரண்டையும் சேர்த்துவிடும். கேன்வாஸ் நீளுகிறது, ஆனால் நிரப்புவது கேமரா பார்த்த கோபுரம். அப்போது வீடியோ எடுத்திருந்தால், கேமரா மேலே போகும் இடத்தில் இருந்தும் ஒரு ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று, எடுக்கும்போதே தள்ளி நிற்பது. ஃபோனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து முழுக் கோபுரமும் வர வேண்டும் என்றால் சுமார் 85 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் வைடு லென்ஸ். ஓரங்கள் கொஞ்சம் வளையும், கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரி தெரியும். ஆனால் கலசம் நிஜக் கலசம்.

இந்த மூன்றும் முடியாதபோது மட்டும் ஏஐ. அதுவும், உச்சி தெளிவாகத் தெரியும் வேறொரு நிஜப் படத்தைப் பக்கத்தில் வைத்து, நிலைகளையும் கலசங்களையும் எண்ணிச் சரிபார்த்து. வெளியிடும்போது 'மேல்பகுதி ஏஐ மூலம் வரையப்பட்டது' என்று எழுதிவிட்டு.

ஓரத்தில் உள்ள பாதி ஆட்டோவை எடுப்பது எப்படி?

இது வேறு கதை. இங்கே நமக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், இருப்பது போனால் போதும். ஆனால் ஓரத்தில் இருக்கும் பொருளை எடுப்பது, நடுவில் இருப்பதை எடுப்பதைவிடக் கஷ்டம்.

ஏன் என்றால், நடுவில் ஒரு ஆட்டோ நின்றால் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் தெரு தெரியும். இரண்டையும் இணைக்கிற மாதிரி மென்பொருள் நிரப்பிவிடும். ஓரத்தில் இருந்தால் ஒரு பக்கம்தான் தெரு. மறுபக்கம் படமே இல்லை. ஒரு முனையை மட்டும் கட்டிய கயிறு மாதிரி, நிரப்பு எங்கே வேண்டுமானாலும் ஆடும். ஓரத்தில் கலங்கலாக ஒரு பட்டை வரும். இல்லையென்றால் ஆட்டோவை எடுத்த இடத்தில் இன்னொரு பாதி ஆட்டோ வந்து நிற்கும்.

அதனால்தான் எடிட்டர்கள் முதலில் கேன்வாஸை நீட்டிவிட்டுப் பிறகு பொருளை எடுக்கிறார்கள். நம் படத்தையே எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் ஆட்டோ 400 பிக்சல் அகலத்துக்கு இருக்கிறது.

1. இடது பக்கம் கேன்வாஸை 600 பிக்சல் நீட்டுங்கள். காலியாகவே விடுங்கள்.

2. அந்தக் காலிப் பட்டை, ஆட்டோ, தரையில் விழுந்த அதன் நிழல், மூன்றையும் ஒரே தேர்வாகத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோவைத் தாண்டி நல்ல தெருப் பகுதியிலும் 30, 40 பிக்சல் உள்ளே போகட்டும். அப்போதுதான் ஒட்டு தெரியாது.

3. எதுவும் டைப் செய்யாமல் நிரப்பச் சொல்லுங்கள். 'ஆட்டோவை நீக்கு' என்று எழுதினால், சில கருவிகள் 'ஆட்டோ' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை வரைந்து வைத்துவிடும்.

4. வந்ததும், நீட்டிய 600 பிக்சலையும் வெட்டி எறிந்துவிட்டுப் பழைய 3000 அகலத்துக்கே திரும்புங்கள். மெஷின் தடுமாறும் வெளி ஓரம் அதோடு போய்விடும். நம்மிடம் மிஞ்சுவது 400 பிக்சல் தெரு மட்டும்.

நிழலை மறந்தால் வேலை கெட்டுப்போகும். நிழல் இருந்தால், அதை உண்டாக்க ஏதோ ஒன்று நிற்க வேண்டும் என்று மெஷின் 'முடிவு' செய்து, ஆட்டோ இருந்த இடத்தில் ஒரு பைக்கையாவது நிறுத்திவிடும்.

இன்னொரு விஷயம், கூர்மை. ஆரம்பத்தில் ஃபோட்டோஷாப்பின் இந்த வசதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் சுமார் 1024 பிக்சல் அளவில்தான் வரைந்தது. அதைவிடப் பெரிய இடம் என்றால் வரைந்ததை இழுத்துப் பெரிதாக்கும். 3000 பிக்சல் அகலப் பட்டையை ஒரே தடவையில் நிரப்பினால் அந்த இடம் மட்டும் மங்கலாக இருந்தது இதனால்தான். புதிய பதிப்புகளில் இது மேம்பட்டுவருகிறது. ஆனாலும் சின்னச் சின்னத் துண்டாக நிரப்பினால் கூர்மை கூடும் என்பது இன்றைக்கும் பொருந்தும்.

இதையெல்லாம்விட எளிதான வழி ஒன்று உண்டு. இடது பக்கம் 400 பிக்சலை வெட்டிவிடுவது. கோபுரம் நடுவில் இல்லாமல் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். பொய் எதுவும் சேராது.

'ஒரு ஆட்டோவை எடுத்தால் என்ன குடியா முழுகிடும்?'

குடும்ப ஆல்பத்தில் முழுகாது. செய்திப் படத்தில் முழுகும்.

2010-ல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் உக்ரைன் புகைப்படக்காரர் ஸ்டெபன் ரூடிக் பரிசு பெற்றார். தெருச் சண்டை பற்றிய படத்தொடர். பிறகு அவருடைய ஒரிஜினல் ஃபைலை வாங்கிப் பார்த்தார்கள். அவர் படத்தைப் பெருமளவு வெட்டியிருந்தார், கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார். ஆனால் பரிசு பறிபோனதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது வேறு. பின்னணியில் இருந்த ஒருவரின் காலின் சிறு பகுதியை அவர் அழித்திருந்தார். வெட்டியது பரவாயில்லை, அழித்தது தவறு.

வெட்டும்போது, 'இதற்கு வெளியே நான் காட்டவில்லை' என்று படம் சொல்கிறது. அழிக்கும்போது, 'இங்கே எதுவும் இருக்கவில்லை' என்று சொல்கிறது. முதலாவது தேர்வு, இரண்டாவது பொய். ஏபி செய்தி நிறுவனம் 2023-ல் வெளியிட்ட விதிமுறையும் இதையே சொல்கிறது. படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ ஜெனரேட்டிவ் ஏஐ-யைப் பயன்படுத்தக் கூடாது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் பாதி தெரியும் ஒரு போலீஸ்காரர், ஒரு தடுப்புக் கம்பி. அழகுக்காக எடுத்துவிடலாம் என்று தோன்றும். அங்கே பாதுகாப்பு இருந்ததா, தடுப்பு போட்டிருந்தார்களா என்ற கேள்வி நாளைக்கு வந்தால், அந்தப் படம் தப்பான சாட்சி சொல்லும்.

ஒரு டிவி சேனலுக்கு நடந்தது

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 ஜனவரி கடைசியில் ஆஸ்திரேலியாவின் நைன் நியூஸ் சேனல், விக்டோரியா மாகாண மேலவை உறுப்பினர் ஜார்ஜி பர்செலின் படத்தை வாத்து வேட்டை பற்றிய செய்தியில் காட்டியது. ஒரிஜினல் படத்தில் அவர் அணிந்திருந்தது முழு உடை. டிவியில் வந்த படத்தில் அதே உடை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகி, நடுவில் வயிறு தெரிந்தது. மார்பும் பெரிதாக்கப்பட்டிருந்தது.

அவரே இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து வெளியிட்டார். சேனல் மன்னிப்புக் கேட்டது. படத்தைத் தங்கள் அளவுக்கு மாற்றும்போது ஃபோட்டோஷாப்பின் தானியங்கி வசதி ஒரிஜினலோடு ஒத்துப்போகாத படத்தை உருவாக்கிவிட்டது என்று விளக்கம் கொடுத்தது. மனிதர் ஒருவர் கைவைத்து, ஒப்புதல் கொடுக்காமல் இப்படி நடக்காது என்று மென்பொருளைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் பதில் சொன்னது.

யார் சொன்னது சரி என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீட்டிய படத்தை ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கண் அந்த நேரத்தில் அங்கே வேலை செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு.

அதே 2024-ல் எலிசபெத் லராக்கி என்ற வடிவமைப்பாளருக்கும் இதே மாதிரி நடந்தது. அவர் பேசவிருந்த மாநாட்டின் விளம்பரத்துக்காக, அவருடைய சதுரமான படத்தை யாரோ செங்குத்தாக நீட்டினார்கள். கீழே மெஷின் வரைந்த சட்டையில் பட்டன் திறந்திருந்தது, உள்ளாடை தெரிகிற மாதிரி இருந்தது. அவர் சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு சம்பவத்திலும் யாரும் 'ஆபாசமாக மாற்று' என்று டைப் செய்ததாகத் தெரியவில்லை. படத்தின் அளவை மாற்ற வேண்டும் என்பதுதான் தேவை. இரண்டிலும் பாதிக்கப்பட்டது பெண். பெண்களின் படங்களில் வெட்டுப்பட்ட பகுதியில் 'பொதுவாக' என்ன இருக்கும் என்று மெஷின் எங்கிருந்து பழகியதோ, அதையே வரைந்து தரும்.

அளவு மாற்றம் சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். கணக்குப் பாருங்கள். 1080-க்கு 1080 சதுரப் படத்தை, ரீல்ஸுக்காக 1080-க்கு 1920 ஆக நீட்டினால், 840 வரிசை பிக்சல்கள் புதிதாக வரும். மொத்தப் படத்தில் கிட்டத்தட்ட 44 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் குறைவு, யாரும் எடுக்காத ஃபோட்டோ.

டிவி பார்க்கிறவர்களுக்கு ஒரு பழைய உத்தி பழக்கமாகியிருக்கும். செங்குத்தாக எடுத்த செல்ஃபோன் வீடியோவை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அதே வீடியோவை மங்கலாக்கிக் காட்டுவது. பார்க்க அவ்வளவு அழகில்லை. ஆனால் எது நிஜம், எது நிரப்பு என்று பார்க்கிற எல்லோருக்கும் புரியும். இன்றைக்கும் செய்திக்கு அதுதான் நல்ல வழி.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் பெயரைச் சுமக்கும் வெள்ளை நாய்க்கு 2005-ல் தபால் தலையே வந்திருக்கிறது. இன்றைக்கு நாய்க்குட்டி விற்பனையும் ஃபோட்டோவை நம்பித்தான் நடக்கிறது. குட்டி ஒரு இடத்தில் நிற்காது, அதனால் பின்னங்காலோ வாலோ படத்தில் வெட்டுப்படும். விற்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் படத்தை நீட்டி 'முழுசாக்கி' அனுப்புகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் அந்தக் காலைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார். அது மெஷின் வரைந்த கால். நிஜக் கால் கோணலாக இருந்தாலும் படத்தில் நேராகத்தான் இருக்கும்.

மனை, பழைய பைக், வீட்டு வாடகை எதுவானாலும் இதே கதைதான். ஓரத்தைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டிய இடத்தில், வீடியோ கேளுங்கள். சுற்றி நடந்து எடுத்த 20 நொடி வீடியோ போதும்.

நீட்டிய படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுவில் பார்க்காதீர்கள், ஓரத்தில் பாருங்கள். நான்கு ஓரங்களையும் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக.

கடைப் பெயர்ப்பலகை இருந்தால் படியுங்கள். இந்தக் கருவிகளில் பல எழுத்துகளை வரைவதில் தடுமாறும், தமிழ் எழுத்தில் இன்னும் மோசம். தூரத்தில் தமிழ் மாதிரி தெரியும், பெரிதாக்கினால் எந்த எழுத்தும் இருக்காது.

மின்கம்பிகளைப் பின்தொடருங்கள். நம் தெருக்களில் கம்பி இல்லாத படம் அபூர்வம். நிஜக் கம்பி கம்பத்தில் முடியும். மெஷின் வரைந்த கம்பி வானத்தில் முடியும்.

நிழல் விழும் திசையைப் பாருங்கள். பிறகு புள்ளி இரைச்சல். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த ஃபோன் படத்தில் எல்லா இடத்திலும் லேசான புள்ளிகள் இருக்கும். ஒரு பட்டை மட்டும் வழவழவென்று இருந்தால், அதன் எல்லை நேர்க்கோடாக ஓடினால், கேன்வாஸ் அங்கே நீட்டப்பட்டிருக்கலாம்.

படத்துக்குள் 'இது எடிட் செய்யப்பட்டது' என்று பதிந்துவைக்கும் முறையும் உண்டு. அடோபி கருவிகள் `Content Credentials` என்ற பெயரில் அதைச் சேர்க்கின்றன. ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலே அந்தப் பதிவு போய்விடும். அது இல்லை என்பதால் படம் நிஜம் என்று சொல்லிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2026 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் திருத்தம், நிஜம் போலத் தெரியும் செயற்கைப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் அடையாளக் குறி வேண்டும் என்கிறது. நிறத்தைச் சரிசெய்வது, இரைச்சலைக் குறைப்பது, ஃபைலைச் சுருக்குவது போன்ற வழக்கமான எடிட்டிங்குக்கு விலக்கு உண்டு. படத்தின் பொருளே மாறக் கூடாது என்பது நிபந்தனை.

வானத்தைக் கொஞ்சம் நீட்டுவது வழக்கமான எடிட்டிங்கா? கலசத்தை வரைவது? ஒருவரை அழிப்பது? ஒரே பட்டனில் மூன்றும் நடப்பதால்தான் குழப்பம். எளிதாக ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். 'நீட்டிய பகுதியைப் பார்த்து யாராவது ஒரு முடிவு எடுப்பார்களா?' வாழ்த்து அட்டையில் நீட்டிய வானத்தைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்யப்போவதில்லை. ஒரு பெண்ணின் உடை, ஒரு கூட்டத்தின் அளவு, ஒரு கோபுரத்தின் கலசம், விற்பனைக்கு உள்ள ஒரு குட்டியின் கால், இவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். பதில் 'ஆமாம்' என்றால் நீட்டாதீர்கள். நீட்டியே ஆக வேண்டும் என்றால், நீட்டியதைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். கேப்ஷனில் எழுதினால் ஷேர் ஆகும்போது காணாமல் போகும்.

ஒரிஜினல் ஃபைலை மட்டும் எப்போதும் அழிக்காதீர்கள். கலசம் வெட்டுப்பட்டிருந்தாலும், பாதி ஆட்டோ நின்றாலும், நீங்கள் அன்றைக்கு அங்கே நின்றதற்கு அதுதான் சாட்சி.